சொல்லில்லாமல் ஒரு நிரூபணம்

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கீழ்க்காணும் கூட்டல்களைச் செய்து பாருங்கள். மிக எளிய கூட்டல்கள்தாம்.

1 = 1
1 + 3 = 4
1 + 3 + 5 = 9
1 + 3 + 5 + 7 = 16
1 + 3 + 5 + 7 + 9 = 25

வலப்பக்கம் கிடைத்திருக்கும் விடைகளைப் பாருங்கள். 1, 4, 9, 16, 25. எல்லாமே வர்க்க எண்கள்! ஓர் ஒற்றைப்படை எண்ணை எடுத்தால் 1-இன் வர்க்கம், இரண்டைக் கூட்டினால் 2-இன் வர்க்கம், ஐந்தைக் கூட்டினால் 5-இன் வர்க்கம். அப்படியானால் முதல் நூறு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் 100-இன் வர்க்கம், அதாவது 10,000 கிடைக்குமா? கிடைக்கும் என்றே தோன்றுகிறது. ஆனால் தோன்றுவது வேறு, நிச்சயமாகத் தெரிவது வேறு.

"ஐந்து முறை சரியாக வந்ததே, இன்னும் என்ன சந்தேகம்?" என்று நீங்கள் கேட்கலாம். ஐந்து முறை சரியாக வந்து ஆறாம் முறை காலை வாரிவிடும் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு வட்டம் வரைந்து அதன் விளிம்பில் 2 புள்ளிகள் வையுங்கள். இரண்டையும் ஒரு நேர்கோட்டால் சேர்த்தால் வட்டம் 2 துண்டாகும். 3 புள்ளிகள் வைத்து ஒவ்வொன்றையும் மற்றெல்லாவற்றோடும் சேர்த்தால் 4 துண்டுகள். 4 புள்ளிகளுக்கு 8 துண்டுகள். 5 புள்ளிகளுக்கு 16 துண்டுகள். ஒரே புள்ளி இருந்தால் கோடே இல்லை. வட்டம் முழுதும் 1 துண்டு. ஆக 1, 2, 4, 8, 16 என்று ஒவ்வொரு முறையும் இரட்டிக்கிறது. அடுத்து 32 வரும் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். மூன்று கோடுகள் உள்ளே ஒரே இடத்தில் சந்திக்காதபடி 6 புள்ளிகள் வைத்து, கோடுகளைப் போட்டு, பொறுமையாக எண்ணிப் பாருங்கள். 31 துண்டுகள்தாம் வரும்! எத்தனை முறை எண்ணினாலும் 31தான்.

ஆகவே சில விடைகள் ஓர் ஒழுங்கில் வருகின்றன என்பது மட்டும் போதாது. ஏன் அப்படி வருகிறது என்ற காரணம் வேண்டும். காரணம் தெரிந்துவிட்டால் நூறாவது எண்ணுக்கும் ஆயிரமாவது எண்ணுக்கும் கூட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இராது. நம்முடைய ஒற்றைப்படை எண்களுக்கு அந்தக் காரணத்தை ஒரு சொல்லும் எழுதாமல், ஒரே படத்தில் காட்டிவிடலாம். அந்தப் படத்தை எப்படி வரைவது, அதை ஏன் நம்பலாம் என்பதைத்தான் இப்போது காணப்போகிறோம்.

படத்தை வரைவோம்

கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாள் ஒன்று போதும். அது இல்லையென்றால் வெள்ளைத்தாளில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வண்ணப் பென்சிலும் தேவை.

தாளின் வலப்பக்க மேல்மூலைக்கு அருகில் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் குறைந்தது ஆறேழு கட்டங்கள் காலியாக இருக்க வேண்டும். தேர்ந்தெடுத்த கட்டத்துக்கு வண்ணம் தீட்டுங்கள். இதுதான் 1.

இனி இந்தக் கட்டத்துக்கு இடப்பக்கம் ஒரு கட்டம், கீழே ஒரு கட்டம், இவை இரண்டும் சேரும் மூலையில் ஒரு கட்டம், ஆக 3 கட்டங்களைச் சேர்த்துக் கோடிட்டுச் சுற்றுங்கள். இவற்றுக்கு வண்ணம் வேண்டாம், வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். இந்த மூன்று கட்டங்களும் சேர்ந்த உருவத்தைக் கவனித்தீர்களா? நம்முடைய 'ட' எழுத்தைப் போலவே இருக்கிறது. இடப்பக்கம் ஒரு நின்ற கை, கீழே ஒரு படுத்த கை. அந்த 'ட'வின் மடியில் நாம் முதலில் வண்ணம் தீட்டிய கட்டம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து 2 கட்டம் பக்கமுள்ள சதுரம் ஆகிவிட்டன.

அடுத்து இந்தச் சதுரத்துக்கு வெளியே, முன்போலவே இடப்பக்கமும் கீழ்ப்பக்கமுமாக, பெரிய 'ட' ஒன்று போடுங்கள். இதற்கு 5 கட்டங்கள் வேண்டும். இதற்கு வண்ணம் தீட்டுங்கள். சதுரத்தின் பக்கம் இப்போது 3. அதற்கு வெளியே 7 கட்டங்கள் கொண்ட வெள்ளை 'ட'. பிறகு 9 கட்டங்கள் கொண்ட வண்ண 'ட'. அதன் பிறகு 11 கட்டங்கள் கொண்ட வெள்ளை 'ட'. இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். 6 கட்டம் பக்கமுள்ள ஒரு சதுரம் உங்கள் முன் இருக்கும்.

எந்தக் கட்டம் எந்தப் பட்டையைச் சேர்ந்தது என்று எண்களால் குறித்துக் காட்டினால் படம் இப்படி இருக்கும்:

```
6 5 4 3 2 1
6 5 4 3 2 2
6 5 4 3 3 3
6 5 4 4 4 4
6 5 5 5 5 5
6 6 6 6 6 6
```

இங்கே 1 என்பது முதல் பட்டை. அதில் ஒரு கட்டம். 2 என்று குறித்தவை இரண்டாம் பட்டை. அதில் மூன்று கட்டங்கள். இப்படியே ஆறாம் பட்டை வரை. நீங்கள் வரையும் படத்தில் இந்த எண்கள் தேவையில்லை. வண்ணமும் வெள்ளையும் மாறி மாறி வருவதே பட்டைகளைப் பிரித்துக் காட்டிவிடும். கடைசியாக, இடப்பக்கக் கீழ்மூலைக்கு வெளியே சாய்வாக மூன்று புள்ளிகள் வைத்துவிடுங்கள். "இது இங்கே முடியவில்லை, இப்படியே போய்க்கொண்டிருக்கும்" என்பதற்கு அது அடையாளம். இப்படிப்பட்ட படத்தைத்தான் 'சொற்களற்ற நிரூபணம்' என்கிறார்கள்.

படம் என்ன சொல்கிறது?

மொத்தக் கட்டங்களை இரண்டு விதமாக எண்ணலாம். பட்டை பட்டையாக எண்ணினால் 1 + 3 + 5 + 7 + 9 + 11. வரிசை வரிசையாக எண்ணினால் ஒரு வரிசைக்கு 6 வீதம் 6 வரிசைகள், அதாவது 36. எண்ணும் முறைதான் வேறு, கட்டங்கள் அவையேதாம். ஆகவே இரண்டு விடைகளும் சமமாகத்தான் இருக்க வேண்டும்.

"சரி, ஆறு பட்டைகளுக்கு உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன். அறுபது பட்டைகளுக்கு?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். மிகவும் நியாயமான கேள்வி. வட்டத்துப் புள்ளிகள் நம்மை ஏமாற்றிய பிறகு இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடக் கூடாது.

விடை படத்திலேயே இருக்கிறது. ஆனால் முழுப் படத்தையும் பார்க்காமல், ஒரு பட்டை எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதை மட்டும் பார்க்க வேண்டும். 3 கட்டம் பக்கமுள்ள சதுரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் இடப்பக்கத்தை மூட 3 கட்டங்கள் வேண்டும். கீழ்ப்பக்கத்தை மூட இன்னொரு 3. இரண்டும் சந்திக்கும் மூலையில் ஓர் ஓட்டை விழும். அதை அடைக்க 1. மொத்தம் 3 + 3 + 1 = 7.

இப்போது, வரையவே வரையாத ஒரு பெரிய சதுரத்தை மனத்தில் கொண்டுவாருங்கள். அதன் பக்கம் 57 கட்டங்கள் என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கத்துக்கு 57, கீழ்ப்பக்கத்துக்கு 57, மூலைக்கு 1. அதாவது 115 கட்டங்கள். அதை ஒட்டியதும் சதுரத்தின் பக்கம் 58 ஆகிவிடுகிறது. இதைச் சொல்ல நாம் 57 கட்டங்களை வரையவில்லை, எண்ணவும் இல்லை. 3-க்குச் சொன்ன அதே காரணத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் 57-க்கும் சொல்ல முடிந்தது. இதுதான் முக்கியம்.

ஒவ்வொரு முறையும் சதுரத்தின் பக்கம் ஒன்று கூடுகிறது. அதனால் அடுத்த பட்டையின் நின்ற கை ஒரு கட்டம் நீள்கிறது, படுத்த கையும் ஒரு கட்டம் நீள்கிறது. மூலைக்கட்டம் எப்போதும் ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு பட்டையும் முந்தியதைவிடச் சரியாக 2 கட்டங்கள் பெரியது. 1-இல் தொடங்கி இரண்டு இரண்டாகக் கூடிக்கொண்டே போனால் 1, 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படை எண்கள்தாம் வரும். ஒன்றும் விட்டுப்போகாது, வேறு எதுவும் நடுவில் நுழையவும் முடியாது.

இதையே இயற்கணிதத்தில் எழுதினால், பக்கம் k உள்ள சதுரத்துக்கு அடுத்த பட்டை 2k + 1 கட்டங்கள்:

k² + (2k + 1) = (k + 1)²

இந்தச் சமன்பாட்டை வகுப்பில் பலமுறை விரித்து எழுதியிருப்பீர்கள். அதில் வரும் 2k என்பது 'ட'வின் இரண்டு கைகள். 1 என்பது மூலைக்கட்டம்.

வரையும்போது நேரும் பிழைகள்

பட்டையில் உள்ள கட்டங்களை எண்ணும்போது பலர் ஒரு தவறு செய்வார்கள். "ஐந்தாம் பட்டையில் நின்ற கையில் 5 கட்டங்கள், படுத்த கையில் 5 கட்டங்கள், ஆக 10" என்பார்கள். மூலைக்கட்டம் இரண்டு கைகளிலும் இருப்பதால் அது இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது. ஒன்றைக் கழித்தால் 9. வேறு சிலர் மூலையை அறவே மறந்துவிட்டு 4 + 4 = 8 என்பார்கள். இந்த இரண்டு பிழைகளையும் கண்டுபிடிப்பது எளிது. எந்தப் பட்டையிலாவது இரட்டைப்படை எண் வந்தால் மூலைக்கட்டத்தில்தான் கோளாறு என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டு கைகளும் சம நீளம். தனியாக நிற்பது மூலைக்கட்டம் ஒன்றுதான். பட்டையை ஒற்றைப்படையாக்குவதே அதுதான்.

இன்னொரு பிழை சற்றுச் சுவையானது. சிலர் முதல் கட்டத்தைத் தாளின் நடுவில் போட்டு, அதைச் சுற்றி நாலாபக்கமும் சட்டம் போட்டதுபோல் வரைந்துவிடுவார்கள். நடுவில் 1, சுற்றி 8, அதைச் சுற்றி 16 என்று கட்டங்கள் வரும். மொத்தம் 1, 9, 25 என்று வர்க்க எண்களாகவே வரும். பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் நாம் நிரூபிக்க நினைத்தது இதுவன்று. ஒவ்வொரு சட்டமும் சதுரத்தின் பக்கத்தை இரண்டு இரண்டாகக் கூட்டிவிடுகிறது. அதனால் 4, 16, 36 ஆகிய வர்க்கங்கள் இதில் வரவே வரா. சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் உண்மை விளங்கும். 8 கட்டங்கள் கொண்ட சட்டம் என்பது 3 கட்டங்கள் கொண்ட ஒரு பட்டையும், அதற்கு எதிர்ப்புறமாக வைத்த 5 கட்டங்கள் கொண்ட ஒரு பட்டையும் சேர்ந்தது. 16 என்பது 7-உம் 9-உம் சேர்ந்தது. எனவே ஒரே மூலையிலிருந்து தொடங்கி, எப்போதும் அதே இரண்டு பக்கங்களில் மட்டும் வளர்த்தால்தான் ஒற்றைப்படை எண்கள் ஒவ்வொன்றாக வெளிப்படும்.

எத்தனை பட்டைகள் வரைவது என்பதையும் யோசிக்க வேண்டும். இரண்டு பட்டைகளோடு நிறுத்தினால் பார்ப்பவருக்கு ஒழுங்கு பிடிபடாது. இருபது பட்டைகள் வரைந்தால் எண்ண முடியாமல் கண் கலங்கும். ஐந்திலிருந்து ஏழு பட்டைகள் வரை போதுமானவை.

படத்தை நம்பலாமா?

எண்கள் ஏமாற்றும் என்பதை வட்டத்தில் கண்டோம். படங்களும் ஏமாற்றும். இதற்கு ஒரு பழைய வேடிக்கைக் கணக்கு இருக்கிறது. கெட்டித்தாளில் செய்து பாருங்கள்.

8 கட்டம் பக்கமுள்ள ஒரு சதுரத்தை வெட்டிக்கொள்ளுங்கள். அதில் 64 கட்டங்கள். அதை 8-க்கு 3, 8-க்கு 5 என்று இரண்டு செவ்வகங்களாக வெட்டுங்கள். சிறிய செவ்வகத்தை மூலைவிட்டத்தின் வழியாக வெட்டினால் இரண்டு முக்கோணங்கள். பெரிய செவ்வகத்தில், மேல் விளிம்பில் இடப்பக்கமிருந்து 3 கட்டங்கள் தள்ளி ஒரு புள்ளியும், கீழ் விளிம்பில் 5 கட்டங்கள் தள்ளி ஒரு புள்ளியும் வைத்து, இரண்டையும் சேர்க்கும் சாய்வுக் கோட்டில் வெட்டுங்கள். ஒரே அளவான இரண்டு சரிவகங்கள் கிடைக்கும். இந்த நான்கு துண்டுகளையும் மாற்றி அடுக்கி 13-க்கு 5 என்ற ஒரு செவ்வகமாக வைக்கலாம். ஆனால் 13 × 5 = 65! ஒரு கட்டம் எங்கிருந்து வந்தது?

முக்கோணத்தின் சாய்வு விளிம்பு, 8 கட்டங்கள் போவதற்குள் 3 கட்டங்கள் உயர்கிறது. சரிவகத்தின் சாய்வு விளிம்பு 5 கட்டங்களுக்கு 2 கட்டங்கள். 3/8 என்பது 0.375, 2/5 என்பது 0.4. இரண்டும் சமமில்லை. எனவே செவ்வகத்தின் குறுக்கே ஒரே நேர்கோடுபோல் தெரிவது உண்மையில் நேர்கோடே இல்லை. அங்கே மெல்லிய இணைகரம் ஒன்று இடைவெளியாகத் திறந்திருக்கிறது. அதன் பரப்பு சரியாக ஒரு கட்டம். 13 கட்ட நீளத்துக்கு அது பரவிக் கிடப்பதால் கண்ணுக்குப் படுவதில்லை.

அப்படியானால் நம்முடைய 'ட' படத்திலும் இப்படி ஏதாவது இடைவெளி ஒளிந்திருக்குமோ? சோதித்துவிடுவோம். முதலாவதாக, நம் படத்தில் சாய்வான வெட்டுகளே இல்லை. எல்லாம் முழுக் கட்டங்கள். துண்டுகளை இடம் மாற்றி ஒட்டவும் இல்லை. இரண்டாவதாக, ஒவ்வொரு கட்டமும் ஒரே ஒரு பட்டையில்தான் இருக்கிறதா, எந்தக் கட்டமாவது விட்டுப்போயிற்றா என்பதைக் கண்ணை நம்பாமல் ஒரு விதியாலேயே சொல்லிவிடலாம்.

ஒரு கட்டத்தைத் தொடுங்கள். அது மேலிருந்து எத்தனையாவது வரிசை, வலப்பக்கமிருந்து எத்தனையாவது நிரல் என்று பாருங்கள். இரண்டில் எது பெரியதோ அதுதான் அந்தக் கட்டத்தின் பட்டை எண். மேலே எண்களால் காட்டிய படத்தில் இரண்டாம் வரிசை, ஐந்தாம் நிரல் என்றால் ஐந்தாம் பட்டை. நான்காம் வரிசை, முதல் நிரல் என்றால் நான்காம் பட்டை. இரண்டும் சமமாக இருந்தால் அது பட்டையின் மூலைக்கட்டம். இரண்டு எண்களில் பெரியது ஒன்றுதான் இருக்க முடியும். அதனால் எந்தக் கட்டமும் இரண்டு பட்டைகளில் இடம்பெறாது. பட்டையில்லாமல் தனித்து நிற்கும் கட்டமும் இராது. சதுரம் எவ்வளவு பெரியதானாலும் இந்த விதி மாறாது. நம்முடைய படத்தை நம்புவதற்கு இதுவே காரணம். 65 கட்டச் செவ்வகம் இத்தகைய சோதனையில் தோற்றுப்போகும்.

கூழாங்கற்களிலிருந்து

இந்தப் படம் இன்று நேற்றையதல்ல. பழங்காலக் கிரேக்கத்தில் பித்தாகரஸின் வழிவந்தவர்கள் எண்களைக் கூழாங்கற்களாகப் பரப்பி ஆராய்ந்தார்கள். சதுரமாக அடுக்கிய கற்களைச் சுற்றி 'ட' வடிவில் கற்களைச் சேர்த்தால் மீண்டும் சதுரமே வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த வடிவத்தை 'நோமன்' என்று அழைத்தார்கள். நிழற்கடிகாரத்தில் நிழல் விழச் செய்யும் குச்சிக்கும், தச்சர்கள் செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்துக்கும் அதே பெயர்தான் வழங்கியது. தச்சுப்பட்டறையில் மூலைமட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஒரு 'ட'தானே!

படம் காட்டும் காரணத்தைச் சொற்களால் முறையாக எழுதியவர்களுள் ஒருவர் சிசிலித் தீவைச் சேர்ந்த பிரான்செஸ்கோ மௌரோலிகோ. 1575-இல் வெளியான அவருடைய எண்கணித நூலில், ஒரு வர்க்க எண்ணோடு அதற்குரிய அடுத்த ஒற்றைப்படை எண்ணைக் கூட்டினால் அடுத்த வர்க்க எண் கிடைக்கும் என்று முதலில் நிறுவினார். பிறகு அதை ஒவ்வொரு படியாகப் பயன்படுத்தி, ஒற்றைப்படை எண்களின் கூடுதல் வர்க்க எண்ணே என்று முடித்தார். மேல்வகுப்பில் 'கணிதத் தொகுத்தறிதல்' என்ற முறையை நீங்கள் படிப்பீர்கள். அதன் தொடக்ககால எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக இதைச் சொல்வதுண்டு. நாம் 57-இலிருந்து 58-க்குப் போனோமே, அந்தப் படிதான் அது.

பட்டைக்குள் ஒரு பரிசு

படம் கையில் இருக்கும்போது அதைக் கொண்டு கணக்குப் போட்டும் பார்ப்போம். 1 + 3 + 5 என்று தொடங்கி 99 வரை கூட்டினால் எவ்வளவு? 99 எத்தனையாவது பட்டை என்று தெரிந்தால் போதும். கைகளைச் சமமாக்க மூலைக்கட்டத்தை எடுத்துவிட்டால் 98. ஒரு கைக்கு 49. மூலையையும் சேர்த்தால் சதுரத்தின் பக்கம் 50. ஆகவே கூடுதல் 50 × 50 = 2,500.

உள்ளே இருக்கும் சதுரத்தை நீக்கிவிட்டும் பார்க்கலாம். 21-இலிருந்து 39 வரையுள்ள ஒற்றைப்படை எண்களின் கூடுதல் வேண்டும் என்றால், 39-இல் முடியும் சதுரத்தின் பக்கம் 20; 19-இல் முடியும் சதுரத்தின் பக்கம் 10. பெரியதிலிருந்து சிறியதை எடுத்தால் 400 − 100 = 300. நேராகக் கூட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் படத்தில் ஐந்தாம் பட்டையைப் பாருங்கள். அதில் 9 கட்டங்கள். 9 ஒற்றைப்படை எண் மட்டுமல்ல, 3-இன் வர்க்கமும் கூட. அதன் மடியில் இருப்பது 4 கட்டம் பக்கமுள்ள சதுரம். இரண்டும் சேர்ந்தால் 5 கட்டம் பக்கமுள்ள சதுரம். அதாவது,

4² + 3² = 5²

செங்கோண முக்கோணத்துக்கு நீங்கள் மனப்பாடம் செய்த 3, 4, 5 இந்தப் படத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது! பட்டையில் உள்ள கட்டங்களின் எண்ணிக்கை வர்க்க எண்ணாக அமையும்போதெல்லாம் இப்படி ஒரு மூன்றெண் தொகுதி கிடைக்கும். 9-க்கு அடுத்த ஒற்றைப்படை வர்க்க எண் 25. மூலைக்கட்டத்தை நீக்கினால் 24. ஒரு கைக்கு 12. ஆகவே மடியில் இருப்பது 12 பக்கமுள்ள சதுரம். பட்டை சேர்ந்ததும் பக்கம் 13. 12² + 5² = 13². அதாவது 144 + 25 = 169. சரிதானே?

ஒற்றைப்படை வர்க்க எண்களுக்கு முடிவே இல்லை. எனவே இத்தகைய மூன்றெண் தொகுதிகளுக்கும் முடிவில்லை என்பதையும் நம் படம் போகிற போக்கில் நிரூபித்துவிட்டது. ஆனால் எல்லாத் தொகுதிகளும் இந்த வழியில் வந்துவிடா. ஒரு பட்டை சேரும்போது சதுரத்தின் பக்கம் ஒன்றுதான் கூடும். அதனால் 4 மற்றும் 5, 12 மற்றும் 13 போல இரண்டு எண்கள் அடுத்தடுத்து இருக்கும் தொகுதிகள் மட்டுமே கிடைக்கும். 8, 15, 17 என்ற தொகுதியைப் பெற இரண்டு பட்டைகளைச் சேர்த்து எடுக்க வேண்டும். 15 பக்கமுள்ள சதுரத்தைச் சுற்றி அடுத்த இரண்டு பட்டைகள் 31, 33. இரண்டும் சேர்ந்தால் 64. அது 8-இன் வர்க்கம்!

உங்களுக்கு இரண்டு வேலைகள்

49 கட்டங்கள் கொண்ட பட்டை எந்த மூன்றெண் தொகுதியைத் தருகிறது என்று கண்டுபிடியுங்கள். வரையாமலே சொல்ல முடிய வேண்டும்.

அடுத்து, 2 + 4 + 6 + 8 என்று இரட்டைப்படை எண்களைக் கூட்டிக்கொண்டே போங்கள். 2, 6, 12, 20 என்று விடைகள் வரும். இவை வர்க்க எண்கள் அல்ல. ஆனால் படம் உண்டு. சதுரத்துக்குப் பதிலாக, 2 கட்டம் நீளமும் 1 கட்டம் அகலமும் உள்ள செவ்வகத்தோடு தொடங்கி, அதே 'ட' பட்டைகளை ஒட்டிப் பாருங்கள். வரைந்து முடித்ததும் ஒரு சொல்லும் பேசாமல் நண்பர் ஒருவரிடம் காட்டுங்கள். நீங்கள் விளக்காமலே அவருக்குப் புரிந்துவிட்டால் உங்கள் படம் ஒரு நிரூபணம். புரியவில்லையென்றால், எந்தப் பட்டையில் அவர் கண் தடுமாறியது என்று கேட்டறிந்து, படத்தைத் திருத்தி வரையுங்கள்.